மணிக்கு எவ்வளவு வாங்குவது? மலைத்தோட்டத்தில் 5 எச்.பி. பம்பு செட் ஓட்டும் செலவு

கேத்தி கேரட்

அனைவருக்கும் வணக்கம். கேத்திப் பள்ளத்தாக்கில் எங்களுக்கு ஓர் ஏக்கர் கேரட் தோட்டம் இருக்கிறது. கீழே ஓடையோரம் கிணறு. அதில் 5 எச்.பி. மும்முனை மோனோபிளாக் மோட்டார். அங்கிருந்து 180 மீட்டர் நீளத்துக்கு இரண்டங்குலக் கறுப்புக் குழாயில் தண்ணீரை ஏற்றி, தோட்டத்தின் தலைமேட்டில் இருக்கும் சிமென்ட் தொட்டியில் விடுகிறோம். தொட்டியிலிருந்து கீழ்ப்படிகளுக்கு ஸ்பிரிங்ளர் தன் சரிவிலேயே ஓடுகிறது.

இந்த ஆண்டு பொங்கலுக்கு முன்பே மேல்தோட்டத்து அண்ணனின் ஊற்று வற்றிவிட்டது. அவர் எங்கள் கிணற்றிலிருந்து தம் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றிக்கொள்ளக் கேட்கிறார். குழாய் அவருடையது, மோட்டார் எங்களுடையது. "மணிக்கு இவ்வளவு என்று ஒரு தொகையைச் சொல்லிவிடுங்கள், கூச்சமில்லாமல் வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறார். என் கணவர் இருபது ரூபாய் போதும் என்கிறார். என் மாமியாரோ தண்ணீருக்குக் காசு வாங்கினால் கிணறு வற்றும் என்கிறார். எங்களுடையது இலவச விவசாய இணைப்பு, மீட்டர் கிடையாது. உண்மையில் இந்த மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் எங்களுக்கு என்ன செலவாகிறது என்பதைத் தெரிந்துகொண்ட பிறகு பேசலாம் என்று நினைக்கிறேன். எப்படிக் கணக்குப் போடுவது?

பூண்டு விவசாயி

அக்கா, இதில் பெரிய கணக்கு ஒன்றும் இல்லை. ஒரு எச்.பி. என்பது 746 வாட். ஐந்தால் பெருக்கினால் 3,730 வாட், அதாவது மணிக்கு 3.73 யூனிட். அதுவும் உங்களுக்கு இலவசம். ஆகவே உங்கள் செலவு பூஜ்யம். எப்போதாவது வைண்டிங் போனால் அதைப் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொள்ளுங்கள். அக்கம்பக்கத்தில் இதற்கெல்லாம் பேரேடு எழுதினால் உறவு கெட்டுவிடும்.

பழைய ஃபோர்மேன்

பூண்டு விவசாயி தம்பி சொன்னதில் பெருக்கல் சரி, பொருள்தான் சரியில்லை. மோட்டாரின் பெயர்ப்பலகையில் எழுதியிருக்கும் எச்.பி. என்பது அதன் தண்டு வெளியே கொடுக்கக்கூடிய சக்தி. அது கம்பியிலிருந்து இழுக்கும் மின்சாரம் ஆகாது. முழுப் பாரத்தில் ஓடும் 5 எச்.பி. மோட்டார், உள்ளே சூடாக வீணாவதையும் சேர்த்து, நான்கரை யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாக இழுக்கும். ஆனால் பம்பு எப்போதும் முழுப் பாரத்தில் ஓடுவதில்லை. தண்ணீர் எவ்வளவு உயரம் போகிறது என்பதைப் பொறுத்து இழுவை மாறும். அதனால் பெயர்ப்பலகையைப் பார்த்துக் கணக்குப் போடுவதைவிட அளந்து பார்ப்பதே மேல்.

அம்மா, உங்கள் ஊர் எலெக்ட்ரீஷியனிடம் டாங் டெஸ்டர் இருக்கும். மோட்டார் ஓடி, தொட்டியில் தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும்போது மூன்று கம்பிகளிலும் தனித்தனியே ஆம்பியர் பார்க்கச் சொல்லுங்கள், வோல்டேஜையும் குறித்துக்கொள்ளுங்கள். அதே நாளில் இன்னொரு வேலையும் செய்யுங்கள். 200 லிட்டர் டிரம் ஒன்றைத் தொட்டிக்குப் பக்கத்தில், குழாய் வாய் இருக்கும் அதே உயரத்தில் வைத்து, நிறைய எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். கிணற்றடியில் குழாயைக் கழற்றி அளந்தால் தண்ணீர் பீறிட்டு வரும். அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை. தண்ணீர் எங்கே உங்களுக்கு வேண்டுமோ அங்கேதான் அளக்க வேண்டும்.

கிணற்று நீர்மட்டத்திலிருந்து தொட்டி வாய் எத்தனை மீட்டர் உயரம் என்பதும் தேவை. படிகளின் உயரத்தை ஒவ்வொன்றாக அளந்து கூட்டினாலே போதும்.

தாண்டிக்குடிக்காரர்

நான் பழனி மலையில் காப்பியும் வாழையும் வைத்திருக்கிறேன். எங்கள் சரிவுக்கு இணைப்புக் கிடைக்கவில்லை, டீசல் எஞ்சின்தான். மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் குடிக்கிறது. எண்ணெய், பெல்ட், ஆள் கூலி எல்லாம் தனி. டீசலுக்கு மட்டும் மணிக்கு நூறு ரூபாய் போகிறது. மின்சாரத்திலிருந்து டீசலுக்கு மாறுவதைப் பற்றி யோசிக்கிறீர்கள் என்றால் தயவுசெய்து வேண்டாம். மேலே ஏற ஏறக் காற்று மெலிந்து எஞ்சின் இழுக்கத் திணறும். உங்கள் உயரத்தில் எங்களுடையதைவிட மோசமாக இருக்கும்.

கேத்தி கேரட்

இல்லை அண்ணா, மாறும் எண்ணம் இல்லை. பக்கத்துத் தோட்டத்துக்கு என்ன விகிதம் சொல்வது என்பதுதான் என் கேள்வி. இருந்தாலும் உங்கள் நூறு ரூபாய் உதவியாக இருக்கிறது; மேல்தோட்டத்து அண்ணன் டீசல் எஞ்சின் வாடகைக்கு எடுத்தால் அவருக்கு அதற்குக் குறையாது என்று புரிகிறது.

ஃபோர்மேன் ஐயா, இன்று காலையிலேயே அளந்தோம். மூன்று கம்பிகளிலும் ஏறக்குறைய 7.2 ஆம்பியர், வோல்டேஜ் 380. உயரம் 42 மீட்டர். டிரம் 65 வினாடியில் நிறைந்து வழிந்தது.

பழைய ஃபோர்மேன்

நிறைந்து வழிந்தது என்கிறீர்கள், அங்கேதான் ஒரு சிறு பிசகு. 200 லிட்டர் என்று விற்கும் இரும்பு டிரம் விளிம்பு வரை நிறைந்தால் 200-க்கு மேலேயே பிடிக்கும். இருபது லிட்டர் கேனால் பத்து முறை ஊற்றி, நீர் நிற்கும் இடத்தில் ஆணியால் ஒரு கோடு கிழியுங்கள். அந்தக் கோடு வரை நிறையும் நேரத்தைச் சொல்லுங்கள். இப்போது நுணுக்கமாகத் தோன்றும். நாளை பக்கத்துத் தோட்டத்துடன் பணம் பேசும்போது இந்தக் கோடுதான் சண்டையைத் தவிர்க்கும்.

கேத்தி கேரட்

கோடு கிழித்து மூன்று முறை பார்த்தோம். 60, 61, 60 வினாடி. விளிம்புக்கும் கோட்டுக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி இருக்கிறது.

பழைய ஃபோர்மேன்

அப்படியானால் கணக்குச் சுலபம். நிமிடத்துக்கு 200 லிட்டர், மணிக்கு 12,000 லிட்டர். மின்சாரத்துக்கு, 380 வோல்ட்டை 7.2 ஆம்பியரால் பெருக்கி, மும்முனைக்காக 1.732-ஆல் பெருக்கி, பவர் ஃபேக்டர் 0.84 என்று எடுத்தால் 4,000 வாட்டுக்கு மிக அருகில் வருகிறது. பவர் ஃபேக்டர் மட்டும் என் ஊகம். இந்தப் பாரத்தில் இந்த அளவு மோட்டாருக்கு அது பெரிதாகத் தவறாது. ஆக மணிக்கு 4 யூனிட், யூனிட்டுக்கு 3,000 லிட்டர்.

இது நல்ல எண்ணா, கெட்ட எண்ணா என்று சொல்ல ஒரு வழி உண்டு. ஒரு யூனிட் மின்சாரம் துளியும் வீணாகாமல் போனால் 3,67,000 லிட்டரை ஒரு மீட்டர் உயரம் தூக்கும். உங்கள் 42 மீட்டருடன், குழாய்க்குள் உரசி இழப்பதற்கு ஏறக்குறைய 10 மீட்டரைச் சேர்த்தால் 52 மீட்டர். வகுத்தால் 7,000 லிட்டருக்குச் சற்று மேல் வருகிறது. உங்களுக்குக் கிடைப்பது 3,000. அதாவது நூற்றுக்கு நாற்பத்திரண்டு, நாற்பத்துமூன்று பங்கு தண்ணீராகிறது. தோட்டத்துப் பம்புக்கு இது மோசமில்லை. முப்பதுக்குக் கீழே போயிருந்தால் இம்பெல்லர் தேய்ந்திருக்கிறது, ஃபுட் வால்வு அடைத்திருக்கிறது, இல்லை குழாய் ஒல்லியாக இருக்கிறது என்று பொருள். இதே தண்ணீரை ஒன்றரை அங்குலக் குழாயில் அனுப்பியிருந்தால் அந்த 10 மீட்டர் இழப்பு முப்பதைத் தாண்டியிருக்கும். குழாயில் மிச்சம் பிடித்த பணத்தை ஆண்டுக்கணக்கில் கூடுதல் மணி நேரமாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

குன்னூர் கணக்கர்

நான் இடையில் புகுந்து பணக் கணக்கைச் சொல்கிறேன். எனக்கும் சிறு தோட்டம் உண்டு. ஆனால் விவசாய இணைப்புக் கிடைக்காததால் கட்டணம் செலுத்தும் இணைப்பில்தான் மோட்டார் ஓட்டுகிறேன். அதனால் இந்த இழையைக் கவனமாகப் படிக்கிறேன்.

சகோதரி, முதலில் உங்கள் மோட்டார் ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று தெரிய வேண்டும். பழுதுச் செலவை மாதத்தால் வகுப்பதில் பயனில்லை, ஓடிய மணியால்தான் வகுக்க வேண்டும். பிறகு கடந்த மூன்று ஆண்டுகளில் மோட்டாருக்கும் ஸ்டார்டருக்கும் குழாய்க்கும் கொடுத்த பணத்தை நினைவுபடுத்தி எழுதுங்கள். ஓர் ஆண்டை மட்டும் எடுத்தால் வைண்டிங் போன ஆண்டு பயமுறுத்தும், போகாத ஆண்டு ஏமாற்றும்.

கேத்தி கேரட்

டிசம்பர் கடைசியிலிருந்து மே வரைதான் ஓட்டுகிறோம். உறைபனி விழும் நாட்களில் விடியற்காலையில் ஓட்டுவதையும் சேர்த்து, ஆண்டுக்கு 300 மணி நேரம் இருக்கும்.

மூன்று ஆண்டில் இரண்டு முறை வைண்டிங்; இரண்டுக்கும் சேர்த்து 11,000 ரூபாய். பேரிங், சீல், ஃபுட் வால்வு, ஸ்டார்டர் காண்டாக்ட், குழாய் இணைப்புகள், மோட்டாரைக் கழற்றி ஜீப்பில் ஊட்டிக்குக் கொண்டுபோன வாடகை எல்லாம் சேர்த்து இன்னும் 11,800. மொத்தம் 22,800. எழுதிக் கூட்டிப் பார்த்த பிறகு என் கணவர் இருபது ரூபாய்ப் பேச்சை எடுக்கவில்லை.

வாங்கியபோது மோட்டாரும் ஸ்டார்டரும் 32,000 ரூபாய், குழாய் 27,000 ரூபாய்.

குன்னூர் கணக்கர்

மூன்று ஆண்டுக்கு 900 மணி நேரம். 22,800-ஐ வகுத்தால் மணிக்கு 25 ரூபாய் பழுதுச் செலவு. மோட்டாருக்குப் பத்து ஆண்டு ஆயுள், குழாய்க்குப் பதினைந்து ஆண்டு என்று வைத்தால் தேய்மானம் ஆண்டுக்கு 5,000 ரூபாய். அது மணிக்கு 17 ரூபாய். ஆக மின்சாரம் இலவசமாக இருந்தும் உங்களுக்கு மணிக்கு 42 ரூபாய் செலவாகிறது. என்னைப் போல் கட்டணம் செலுத்துபவராக இருந்தால், யூனிட் எட்டு ரூபாய் என்று கணக்குக்காக வைத்தால், இன்னும் 32 ரூபாய் சேர்ந்து 74 ஆகும். எட்டு ரூபாயைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். அவரவர் ரசீதில் கட்டிய தொகையை ஓடிய யூனிட்டால் வகுத்து அந்த எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதை ஏக்கருக்குக் கொண்டுவர, ஒரு தண்ணீருக்கு எவ்வளவு தேவை என்று தெரிய வேண்டும். ஓர் ஏக்கர் மேல் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் நிற்க 4,050 லிட்டர் ஆகும். அடுத்ததை ஃபோர்மேன் ஐயாவோ கேரட் போடுபவர்களோ சொல்ல வேண்டும்.

பூண்டு விவசாயி

நான் சொன்ன 3.73 தவறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தண்ணீர் அளவு எனக்குத் தெரியும். எங்கள் மண்ணில் வறண்ட மாதத்தில் ஐந்து நாளுக்கு ஒரு தண்ணீர், ஒவ்வொரு முறையும் 20 மில்லிமீட்டர் மண்ணில் இறங்க வேண்டும். ஸ்பிரிங்ளரில் காற்றடித்துப் போவது, படிக்கு வெளியே விழுவது எல்லாம் நாலில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. ஆகவே 26 மில்லிமீட்டர் விட்டால்தான் 20 இறங்கும். நேரான சுவருள்ள பால் பவுடர் டப்பாக்களைப் பாத்திகளுக்கு நடுவே எட்டுப் பத்து இடத்தில் வைத்துப் பாருங்கள். என் தோட்டத்தில் ஒரு டப்பாவில் மூன்று விரல், இன்னொன்றில் ஒரு விரல்தான் இருந்தது. அதன் பிறகுதான் ஸ்பிரிங்ளர் இடைவெளியைக் குறைத்தேன்.

குன்னூர் கணக்கர்

நன்றி. 26-ஐ 4,050-ஆல் பெருக்கினால் 1,05,000 லிட்டர். மணிக்கு 12,000 லிட்டர் வீதம் எட்டே முக்கால் மணி நேரம். சகோதரிக்கு ஏக்கருக்கு ஒரு தண்ணீருக்கு ஏறக்குறைய 370 ரூபாய். கட்டண இணைப்பானால் 650 ரூபாய். ஸ்பிரிங்ளரை மாற்றி மாற்றி வைக்கும் ஆளின் கூலியை நான் சேர்க்கவில்லை. வீட்டு ஆள் செய்தால் அது செலவா இல்லையா என்பதில் எங்கள் வீட்டிலேயே முப்பது ஆண்டாக ஒத்த கருத்து இல்லை.

பழைய ஃபோர்மேன்

எல்லாம் சரி. ஆனால் இந்த 42 ரூபாயை அப்படியே மேல்தோட்டத்துக்குச் சொன்னால் ஒருவருக்கு அநியாயம் நடக்கும். அவருடைய தொட்டி உங்களுடையதைவிட எவ்வளவு உயரம்?

கேத்தி கேரட்

ஏழு படி மேலே. 14 மீட்டர். அவருக்குக் குழாயும் இன்னும் 60 மீட்டர் கூடுதல். நேற்று மாலை குழாயை இணைத்து, அதே டிரம்மைத் தூக்கிப்போய் அங்கே வைத்தோம். கோடு வரை நிறைய 90 வினாடி ஆனது. எலெக்ட்ரீஷியன் ஆம்பியர் 6.5 என்றார். அண்ணனின் முகம் வாடிவிட்டது.

பழைய ஃபோர்மேன்

பார்த்தீர்களா. அதே மோட்டார், அதே ஒரு மணி நேரம். ஆனால் அங்கே 8,000 லிட்டர்தான் போகிறது. இழுக்கும் மின்சாரம் 3.4 யூனிட்டாகக் குறைந்தாலும் தண்ணீர் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. அவருக்கும் ஓர் ஏக்கர் என்றால், உங்களுக்கு எட்டே முக்கால் மணியில் முடியும் தண்ணீர் அவருக்குப் பதின்மூன்று மணி நேரம் பிடிக்கும். உங்கள் பக்கம் ஆயிரம் லிட்டருக்கு மூன்றரை ரூபாய், அவர் பக்கம் ஐந்தேகால் ரூபாய்.

ஆகவே மணிக்கு இவ்வளவு என்று பேசினால், தண்ணீர் குறையும்போதெல்லாம் நட்டம் அவருடையது. ஆயிரம் லிட்டருக்கு இவ்வளவு என்று பேசினால், மோட்டார் கூடுதல் நேரம் ஓடித் தேயும் நட்டம் உங்களுடையது. இரண்டில் எதை வேண்டுமானாலும் எடுங்கள். ஆனால் எதை எடுத்தோம் என்று இருவரும் தெரிந்து எடுக்க வேண்டும். என்னைக் கேட்டால், மணிக்கே பேசிவிட்டு, மாதம் ஒருமுறை அவர் தொட்டியில் டிரம் வைத்துப் பார்க்கலாம் என்பேன். 90 வினாடி 110 ஆகிவிட்டால் பழுது உங்கள் பக்கம். அதைச் சரிசெய்யும் வரை விகிதத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரலில் இது நடக்கவும் நடக்கும். கிணற்று நீர்மட்டத்திலிருந்து மோட்டார் எத்தனை மீட்டர் மேலே இருக்கிறது?

கேத்தி கேரட்

இப்போது 4 மீட்டர். கோடையில் இன்னும் ஒன்றரை மீட்டர் இறங்கும். போன ஆண்டு ஏப்ரலில் மோட்டாருக்குள் ஜல்லி போட்டுக் குலுக்குவதுபோல் சத்தம் வந்தது. பேரிங் என்று நினைத்து மாற்றினோம். மாற்றிய பிறகும் சத்தம் இருந்தது, மழை வந்ததும் தானாகவே போய்விட்டது.

பழைய ஃபோர்மேன்

பேரிங் பாவம், அது எதுவும் செய்யவில்லை. பம்பு தண்ணீரை இழுப்பதில்லை. வெளியே இருக்கும் காற்றின் அழுத்தம்தான் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளி ஏற்றுகிறது. கேத்தி ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மேட்டுப்பாளையத்தில் ஏழு மீட்டர் ஆழத்திலிருந்து எடுக்கும் அதே பம்பு உங்கள் ஊரில் ஐந்தைத் தாண்டினாலே தடுமாறும். அப்போது தண்ணீருக்குள் ஆவிக் குமிழ்கள் உண்டாகி இம்பெல்லரில் வெடிக்கும். அதுதான் ஜல்லிச் சத்தம். தண்ணீரும் குறையும், இம்பெல்லரும் அம்மைத் தழும்புபோல் குழி விழுந்து கெடும். மோட்டாரைக் கிணற்றுக்குள் ஒரு திண்டு கட்டி ஒன்றரை மீட்டர் இறக்கி வையுங்கள். வெள்ளம் வரும் மாதங்களில் மேலே எடுத்துவிடுங்கள். பேரிங்குக்குக் கொடுத்த பணம் அந்தத் திண்டுக்குப் போயிருக்கலாம்.

இன்னொன்று. மூன்று ஆண்டில் இரண்டு வைண்டிங் என்பது அதிகம். கடைசி முறை பிரித்தபோது காயில்கள் எப்படி இருந்தன என்று நினைவிருக்கிறதா?

கேத்தி கேரட்

நான் கூடவே போயிருந்தேன், நினைவிருக்கிறது. எல்லாம் கருகவில்லை. மூன்றில் ஒரு பங்கு காயில் கரிக்கட்டை, மற்றவை தேன் நிறத்தில் புதிதுபோல் இருந்தன. கடைக்காரர் வோல்டேஜ் குறைவு என்றார்.

பழைய ஃபோர்மேன்

வோல்டேஜ் குறைந்தாலோ பாரம் கூடினாலோ எல்லாக் காயிலும் ஒரே மாதிரி கறுக்கும். ஒரு பங்கு கருகி மற்றவை பளபளப்பாக இருந்தால், ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு ஃபேஸ் போயிருக்கிறது. மலையில் இது சகஜம்: காற்றில் கற்பூர மரக்கிளை கம்பியில் உரசும், டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு ஃபியூஸ் மட்டும் போகும். நின்றிருக்கும் மோட்டார் அப்போது புறப்படாமல் உறுமும். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரோ நிற்காமல் மிச்ச இரண்டு ஃபேஸில் கூடுதலாக இழுத்துக்கொண்டு ஓடி, எரிந்துபோகும். ஸ்டார்டரில் ஓவர்லோடு ரிலே எந்த எண்ணில் நிற்கிறது என்று பாருங்கள்.

கேத்தி கேரட்

பார்த்தேன் ஐயா. 14-இல் இருக்கிறது. அடிக்கடி நின்றுவிடுகிறது என்று என் கொழுந்தனார் கடைசி வரை திருப்பி வைத்தாராம்.

பழைய ஃபோர்மேன்

7.2 ஆம்பியர் இழுக்கும் மோட்டாருக்கு 14-இல் வைத்தால் ரிலே இருந்தும் இல்லாததுபோல்தான். பெயர்ப்பலகையில் இருக்கும் ஆம்பியருக்கு, அநேகமாக எட்டுக்கு அருகில், கொண்டுவாருங்கள். அதோடு சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டர் ஒன்று மாட்டிவிடுங்கள். அடிக்கடி நிற்கிறது என்றால் அது எதையோ சொல்கிறது. வாயை அடைக்கக் கூடாது.

குன்னூர் கணக்கர்

இந்த இடத்தில் விகிதக் கணக்கு மாறுகிறது என்பதைக் கவனியுங்கள். வைண்டிங் செலவு 11,000-ஐ நீக்கினால் மிச்சம் 11,800. பழுதுச் செலவு மணிக்கு 25-இலிருந்து 13 ரூபாயாகக் குறைகிறது, மொத்தம் 30 ரூபாய். ரிலே தவறாக வைத்ததால் வந்த செலவை மேல்தோட்டத்துக்காரரிடம் வாங்குவது நியாயமில்லை என்பது என் கருத்து.

பூண்டு விவசாயி

எனக்கு அதில் உடன்பாடில்லை. பிரிவென்டர் மாட்டினாலும் வைண்டிங் எப்போதாவது போகத்தான் செய்யும். இடி விழும், தண்ணீர் புகும். 30 ரூபாய் வாங்கிவிட்டு நாளை அவர் முறையில் மோட்டார் எரிந்தால் யார் கொடுப்பது? முறைத் தண்ணீர் எடுத்தவர் கையில் எரிந்தால் அவர் பொறுப்பு என்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம்.

பழைய ஃபோர்மேன்

அந்த வழக்கம் எனக்குப் பிடிக்காது. மூன்று மாதம் சூடேறிப் பலவீனமான காயில் யார் கையில் கடைசியாக எரிகிறது என்பது தற்செயல். ஆனால் இதைப் பொறியியல் தீர்க்காது, நீங்கள்தான் பேசிக்கொள்ள வேண்டும்.

தாண்டிக்குடிக்காரர்

ஒரு சந்தேகம். இலவச இணைப்பிலிருந்து இன்னொருவர் நிலத்துக்குத் தண்ணீர் கொடுத்துப் பணம் வாங்கலாமா? எங்கள் ஊரில் இதை வைத்து ஒரு வம்பு வந்தது.

குன்னூர் கணக்கர்

நல்ல கேள்வி. இணைப்பு எந்த சர்வே எண்ணுக்குக் கொடுக்கப்பட்டதோ அதை முன்வைத்து, பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கேட்டு, பதிலை எழுத்திலேயே வாங்கிக்கொள்வது நல்லது. வாய்ச்சொல்லை நம்பி ஓட்ட வேண்டாம்.

கேத்தி கேரட்

நாளை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுகிறேன். அதற்குப் பதில் வரும் வரை பணம் எதுவும் வாங்கப் போவதில்லை. அண்ணனின் நாற்றுக்கு மட்டும் இரண்டு மணி நேரம் விடுகிறோம்.

ரிலேயை எட்டில் வைத்தோம். அன்று மாலையே ஒருமுறை நின்றது. ஓடிப்போய்ப் பார்த்தால், கொழுந்தனார் தொட்டிக்கு விடாமல் ஓடையோரத்துக் கீழ்ப்படிக்கு நேராகக் குழாயைத் திருப்பிவிட்டிருந்தார். டாங் டெஸ்டரில் 9.4 காட்டியது. தூக்க வேண்டிய உயரம் குறைந்தால் மோட்டாருக்கு வேலையும் குறையும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தோம்.

பழைய ஃபோர்மேன்

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். உயரம் குறைந்தால் தண்ணீர் தாராளமாகப் பாயும். பாயும் தண்ணீர் கூடக் கூட இந்த வகைப் பம்பு அதிகமாக இழுக்கும். கீழ்ப்படிக்கு விடும்போது கேட் வால்வை மெல்ல மூடிக்கொண்டே வந்து, ஆம்பியர் எட்டுக்குள் இறங்கியதும் நிறுத்துங்கள். வால்வுச் சக்கரத்தில் அந்த இடத்துக்கு நேராகப் பெயின்ட்டால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். முன்பெல்லாம் அடிக்கடி நின்றதற்கும் இதுதான் காரணமா என்று கொழுந்தனாரிடம் கேட்டுப் பாருங்கள்.

கேத்தி கேரட்

கேட்டேன். பதில் சொல்லாமல் பெயின்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போயிருக்கிறார்.